கடமைப் பட்டியலில் இல்லாத கொப்பி

வணக்கம் மேடம். 2012 இல் பட்டதாரிப் பயிலுநராகச் சேர்ந்து, பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தராக அம்பாறை மாவட்டத்தில் ஒரு கமநல சேவை நிலையத்தில் வேலை செய்துவந்தேன். இப்போது விதைநெல்லும் அரிசியும் செய்கிற ஒரு தனியார் நிறுவனத்தில், விவசாயிகளுடனான ஒப்பந்தச் செய்கையைப் பார்க்கும் முகாமையாளராகச் சேர்கிறேன். வங்கிக்கும் கொழும்பிலுள்ள கொள்வனவாளர்களுக்கும் கொடுக்கும் ஆவணத்திலும் நிறுவனத்தின் இணையத்தளத்திலும் போடுவதற்கு, 120 சொற்களுக்குள் என்னைப் பற்றி ஒரு குறிப்புக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். "கடமைப் பட்டியல் போல இருக்கிறது, எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுதியதை இணைத்திருக்கிறேன். அரசாங்க வேலையில் இலாபமும் இல்லை, விற்பனையும் இல்லை. எதை வைத்து எழுதுவது?

— திருக்கோவில் வாசகர்

வணக்கம் தம்பி. உங்கள் குறிப்பைப் படித்தேன். "உர மானியப் பட்டியல் தயாரித்தல், ஆரம்பக் கூட்ட அறிக்கை எழுதுதல், பயிர்ச் சேத மதிப்பீட்டில் பங்குபற்றுதல் ஆகிய கடமைகளைச் செவ்வனே ஆற்றியுள்ளார்" என்று இருக்கிறது. "செவ்வனே" என்ற சொல்லைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பதினொரு வருடம் அரச அலுவலகக் கணக்குக் கிளையில் இருந்துவிட்டு வெளியே வந்தபோது என் முதல் குறிப்பிலும் அது இருந்தது. பிரியாவிடைப் பத்திரத்தில் வாசிக்க அழகான சொல். கடன் கொடுக்கலாமா என்று யோசிக்கும் வங்கி அதிகாரிக்கு அது ஒன்றையும் சொல்வதில்லை.

இலாபமும் விற்பனையும் இல்லாதது தடையே இல்லை. உங்கள் குறிப்பை வாசிக்கப்போகிறவருக்கு என்ன பயம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஒப்பந்தச் செய்கை செய்யும் நிறுவனத்துக்கு இரண்டு பெரிய பயங்கள் உண்டு. போகத் தொடக்கத்தில் விதையும் முற்பணமும் கொடுத்த விவசாயி, அறுவடை நேரத்தில் வயல் வாசலுக்கு லொறியோடு வந்து கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கிற வியாபாரிக்கு நெல்லைப் போட்டுவிடுவாரா என்பது ஒன்று. பெரும்போக நெல் முழுவதும் சில கிழமைகளுக்குள் ஈரத்தோடு வந்து குவியும்போது ஆலையின் உலர்த்தியும் களஞ்சியமும் தாங்குமா என்பது மற்றது. வங்கிக்காரர் முதலாவதைக் கேட்பார், கொழும்புக் கொள்வனவாளர் இரண்டாவதைக் கேட்பார். உங்கள் கடமைகளை இந்த இரண்டு கேள்விகளுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். பொருந்துவதை எழுதுங்கள், பொருந்தாததை விட்டுவிடுங்கள். பதின்மூன்று வருட வேலையையும் 120 சொற்களில் அடக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

போன கிழமை தொலைபேசியில் அரை மணித்தியாலம் பேசினோமே, அப்போது நீங்கள் சொன்ன இரண்டு சங்கதிகள் உங்கள் குறிப்பில் எங்குமே இல்லை. உண்மையான சரக்கு அவைதான்.

முதலாவது, இரட்டைப் பதிவு. மானியப் பட்டியல் தயாரித்தீர்கள் என்றால் வெளியே இருப்பவருக்குப் பெயர்களைத் தட்டச்சுச் செய்த வேலை போலத்தான் கேட்கும். நடந்தது வேறு. உங்கள் நிலையத்தின் கீழ் 11 கமக்காரர் அமைப்புகள், ஏறத்தாழ 1,400 விவசாயிகள், 3,800 ஏக்கர். ஒரு பெரும்போகத்தில் 63 வயல் துண்டுகள் இரண்டு பெயரில் வந்திருந்தன. காணிச் சொந்தக்காரரான போடியார் தன் பெயரில் கொடுத்திருக்கிறார், குத்தகைக்குச் செய்பவரும் தன் பெயரில் கொடுத்திருக்கிறார். நீங்கள் வாய்க்கால் பொறுப்பாளரான வட்டவிதானையையும் கமக்காரர் அமைப்பின் செயலாளரையும் கூட்டிக்கொண்டு, கண்டம் என்று நாம் சொல்கிற வயற்பகுதி ஒவ்வொன்றுக்கும் போய், அந்தப் போகத்தில் விதைத்தவர் யார் என்று வரம்பில் நின்று கேட்டு, 58 துண்டுகளைப் பேசித் தீர்த்தீர்கள். தீராத ஐந்தைப் பொறுப்பதிகாரியின் விசாரணைக்கு அனுப்பினீர்கள்.

இதைத் தனியார் நிறுவனத்தின் கண்ணால் பாருங்கள். ஒரே வயலைக் காட்டிச் சொந்தக்காரர் ஒரு முற்பணமும் குத்தகைக்காரர் ஒரு முற்பணமும் எடுத்தால், கொடுத்த விதை இரண்டு மடங்கு, வரும் நெல் ஒரு மடங்கு. அந்த நட்டம் விதைக்கும்போது தெரியாது, அறுவடையில்தான் தெரியும். வயலில் உண்மையாக நிற்பவர் யார் என்று போகம் தொடங்குமுன்னே கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர் வருகிறார் என்பது வங்கிக்காரருக்குப் பெரிய ஆறுதல். "மானியப் பட்டியல் தயாரித்தல்" என்ற சொற்களுக்குள் அது புதைந்து கிடந்தது.

இரண்டாவது, அந்தக் கொப்பி. ஆரம்பக் கூட்டத்தில் விதைப்பு முடிய வேண்டிய கடைசி நாள், வாய்க்காலில் நீர் விடும் நாள், மாடுகளை வயற்பகுதியிலிருந்து அகற்றும் நாள் எல்லாம் தீர்மானமாகும். அறிக்கை எழுதுவதோடு உங்கள் கடமை முடிந்தது. ஆனால் நீங்கள் 2016 முதல் ஒவ்வொரு போகமும், எந்தக் கண்டத்தில் உண்மையில் என்றைக்கு விதைத்தார்கள், எத்தனை மாத நெல் போட்டார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வந்திருக்கிறீர்கள். கூட்டத்தில் தீர்மானித்த நாளும் வயலில் விதைத்த நாளும் ஒன்றாக இருப்பதில்லை என்று கண்டதால் தொடங்கியது என்றீர்கள். மூன்றரை மாத நெல்லை நவம்பர் முதற் கிழமையில் போட்ட கண்டம் பெப்ரவரி நடுப்பகுதியில் வெட்டுக்கு வரும், இரண்டு கிழமை பிந்திப் போட்டது மார்ச்சுக்குத் தள்ளும். அந்தக் கணக்கை வைத்துத்தான் அறுவடை இயந்திரம் எந்தப் பக்கம் முதலில் தேவைப்படும் என்று அமைப்புச் செயலாளர்கள் உங்களிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

தம்பி, ஆலைக்காரர் காசு கொடுத்து வாங்க வேண்டிய அறிவு இது. எந்தக் கிழமையில் எவ்வளவு நெல் வாசலுக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், உலர்த்தியையும் லொறியையும் சாக்கையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்யலாம். ஈர நெல் இரண்டு நாள் குவியலாகக் கிடந்தால் சூடேறி நிறம் மாறும். விதைநெல்லுக்கு அது இன்னும் மோசம், முளைதிறனே போய்விடும். உங்களை எவரும் எழுதச் சொல்லவில்லை, எந்தப் படிவத்திலும் அதற்கு நிரல் இல்லை, அதனால் அது வேலையே இல்லை என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். அரச சேவையிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு இது. தாபனம் கேட்டதை எழுதுவார்கள், தாங்களாகக் கண்டுபிடித்ததை மறைத்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. கொப்பியும் மானியப் பட்டியலில் உள்ள பெயர்களும் நிலையத்தில் இருக்கட்டும். அலுவலக நேரத்தில், அலுவலக வேலைக்காகத் திரட்டியவை அவை. எந்த விவசாயிக்கு எவ்வளவு காணி, எந்த வங்கியில் கணக்கு என்பதையெல்லாம் அவர்கள் மானியத்துக்காக அரசுக்குக் கொடுத்தார்கள், உங்கள் புதிய முதலாளிக்காகக் கொடுக்கவில்லை. கணக்குப் போடும் முறை உங்களோடு வருகிறது, அது போதும். நிறுவனம் மெதுவாக "பழைய பட்டியல் இருக்கிறதா" என்று கேட்கக்கூடும். கேட்டால், முதல் போகத்துக்குப் புதிதாகப் பதிவு செய்வோம், இரண்டு கிழமை தாருங்கள் என்று சொல்லுங்கள். இரண்டு கிழமை சுணங்குவது பெரிய நட்டமில்லை.

இதோடு சேர்ந்ததுதான் "திணைக்களத்துடனும் விவசாயிகளுடனும் நெருங்கிய தொடர்பு உள்ளவர்" என்ற உங்கள் வரி. அதை வெட்டிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். வாசிப்பவர் வேறு மாதிரி வாசிப்பார்: இவரைப் பிடித்தால் அலுவலகத்தில் காரியம் சுலபமாக முடியும் என்று. அப்படி நினைத்து வருகிற கொள்வனவாளர் உங்களுக்கு வேண்டாம். உங்களோடு நேற்றுவரை ஒரே மேசையில் தேநீர் குடித்தவர்களுக்கும் அது சங்கடம்.

இனி வினைச்சொற்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள், அதற்குக் காரணம் உண்டு. கணக்குக் கிளையை விட்டு வந்த காலத்தில் என் குறிப்பில் "கோடிக்கணக்கான ரூபாய் நிதியை நிர்வகித்தவர்" என்று எழுதினேன். வவுச்சர்களைச் சரிபார்த்து மேலே அனுப்பியது நான், உண்மைதான். புதிய நிறுவனத்தில் முதல் கூட்டத்திலேயே ஒரு வங்கி அதிகாரி மிகவும் மரியாதையாக, "உங்கள் அனுமதி எல்லை எவ்வளவாக இருந்தது?" என்று கேட்டார். எனக்கு எல்லையே இருக்கவில்லை. ஒரு ரூபாய்க்குக்கூட நான் அனுமதிக் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் கற்றதுதான் இந்தப் பாடம். அரசாங்கத்தில் தயாரிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், சிபாரிசு செய்பவர் ஒருவர், அனுமதிப்பவர் ஒருவர். இந்தப் படிகள் வெளியே இருப்பவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கடன் பிரிவில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும், அவருடைய வங்கியிலும் அதே படிகள்தான்.

ஆகவே மானியத் தொகையை உங்கள் குறிப்பில் போடாதீர்கள். அந்தப் பணத்தை ஒதுக்கியது அரசாங்கம், அனுமதித்தது வேறொருவர். நீங்கள் செய்தது பட்டியலைச் சரியாக்கியது. "சரிபார்த்தார்" என்ற சின்ன வினை உங்களுக்குப் போதும், ஏனென்றால் அதன் பின்னால் 63 வயல் துண்டுகள் நிற்கின்றன. பயிர்ச் சேத மதிப்பீட்டிலும் இதே கவனம் வேண்டும். வெள்ளத்துக்குப் பின் வயலைப் பார்த்தது ஒரு குழு, நீங்கள் அதில் ஓர் உறுப்பினர். "மதிப்பீட்டுக் குழுவில் களப் பதிவுக்குப் பொறுப்பாக இருந்தார்" என்பது உண்மையும் கூட, பாரமும் கூட. "சேதத்தை மதிப்பிட்டார்" என்று தனியாகப் போட்டால், நட்டஈடு குறைந்த விவசாயி ஒருவர் உங்கள் இணையத்தளத்தைப் பார்த்துவிட்டு நேரே உங்களிடம்தான் வருவார்.

பதவிப் பெயரையும் மாற்றக்கூடாது. "அபிவிருத்தி உத்தியோகத்தர்" என்பதை "பிராந்திய ஒருங்கிணைப்பு முகாமையாளர்" என்று உயர்த்தி எழுதச் சொல்லி நிறுவனத்தில் ஒருவர் ஆலோசனை தந்தார் என்றீர்கள். சேவைக் கடிதத்தில் இருப்பது முந்தியது. சரிபார்க்கும்போது இரண்டும் பொருந்தாவிட்டால், மற்ற எல்லா வரிகளும் சந்தேகத்துக்குள் விழும். பதவியை உள்ளபடி எழுதி, அது என்ன வேலை என்று பக்கத்திலேயே நான்கு சொற்களில் விளக்குங்கள். கொழும்பில் இருப்பவருக்குக் கமநல சேவை நிலையம் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். தரம் III, தரம் II என்பதும் வேண்டாம். அது நமக்குள் பேசிக்கொள்கிற கணக்கு.

நீங்கள் ராஜினாமாச் செய்தீர்களா, அல்லது 2022 சுற்றறிக்கையின் கீழ்ச் சம்பளமற்ற விடுமுறை எடுத்தீர்களா என்று சொல்லவில்லை. இதில் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. விடுமுறையில் இருப்பவர் இன்னும் அரச ஊழியர்தான், அவர் "முன்னாள்" என்று எழுதுவது பிழை. "இன்னாள்" என்று எழுதினால் நிறுவனத்தின் ஆவணத்தில் அது அரச முத்திரை போலத் தெரியும், அதுவும் பிழை. இரண்டையும் தவிர்த்து, ஆண்டுகளை மட்டும் கொடுங்கள். விடுமுறை என்றால், அந்தக் குறிப்பு வெளியாகுமுன் உங்கள் அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

2021 பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரசாயன உர இறக்குமதி தடைப்பட்ட அந்தப் போகத்தில் நிலையத்தின் வாசலில் நின்ற கூட்டத்துக்குப் பதில் சொன்னவர் நீங்கள். உங்கள் வேலையில் மிகக் கடினமான காலம் அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் குறிப்பில் வேண்டாம். 120 சொற்களில் அதை எழுதினால் அரசியல் பேச்சாகிவிடும். நேர்முகத்தில் கேட்டால் சொல்லுங்கள், ஆறுதலாகச் சொல்ல வேண்டிய கதை அது.

சிங்களம் பற்றிய வரியை மட்டும் நான் பெரிதாக்கினேன். "இரண்டாம் மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தவர்" என்று எழுதியிருந்தீர்கள். அம்பாறையில் தண்ணீர் ஓடுகிற வழியை யோசியுங்கள். சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வரும் நீரின் தலைப்பக்கத்தில் சிங்கள விவசாயிகள், கடைப்பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும். அந்த மாவட்டம் முழுக்க நெல் வாங்க நினைக்கிற நிறுவனத்துக்கு, இரண்டு மொழியிலும் வயற்கூட்டம் நடத்தத் தெரிந்தவர் அபூர்வம். பரீட்சைச் சித்தி ஒரு சான்றிதழ். தலைப்பக்க விவசாயிகளோடு நீங்கள் சிங்களத்தில் கூட்டம் நடத்தியிருப்பது ஆற்றல். அதைத்தான் எழுத வேண்டும். மேடையில் நின்று பேச வராது, வயலில் பேசவரும் என்றீர்கள். அப்படியானால் "வயற்கூட்டம்" என்ற சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் திருத்திய வடிவம்:

"இவர் எமது ஒப்பந்தச் செய்கைப் பிரிவின் முகாமையாளர். எந்தக் கண்டத்து நெல் எந்தக் கிழமையில் ஆலைக்கு வரும் என்பதைத் திட்டமிடுவதும், ஒப்பந்தம் செய்த விவசாயிகளுடனான உறவைப் பேணுவதும் இவருடைய பொறுப்பு. 2012 முதல் 2025 வரை அம்பாறை மாவட்டத்தில், விவசாயிகளுக்கான அரச சேவைகளை வழங்கும் கமநல சேவை நிலையம் ஒன்றில் பட்டதாரிப் பயிலுநராகவும் பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தராகவும் பணியாற்றினார். 11 கமக்காரர் அமைப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 விவசாயிகளின் செய்கைப் பதிவுகளைக் களத்தில் சரிபார்த்தார். ஒரே போகத்தில் இரு பெயர்களில் பதிவான 63 வயல் துண்டுகளில் 58 ஐ, காணிச் சொந்தக்காரரும் குத்தகைக்காரரும் ஏற்கும்படி பேசித் தீர்த்தார். 2016 முதல் கண்டவாரியாக விதைப்பு நாட்களைப் பதிவுசெய்து, அறுவடைக் கிழமைகளை முன்கூட்டியே கணிக்கும் முறையொன்றைக் கையாண்டார். வெள்ளத்துக்குப் பிந்திய பயிர்ச் சேத மதிப்பீட்டுக் குழுக்களில் களப் பதிவுக்குப் பொறுப்பாக இருந்தார். தமிழிலும் சிங்களத்திலும் வயற்கூட்டங்களை நடத்துபவர்."

எண்ணிப் பாருங்கள், 120 க்குள் அடங்கும். முதல் இரண்டு வசனங்களிலும் அரசாங்கமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் எழுதியது 2012 இல் தொடங்கி வரிசையாக வந்தது, சுயவிபரக் கோவைக்கு அது சரி. இந்தக் குறிப்பை வாசிப்பவர் முதலில் தேடுவது, இன்றைக்கு இந்த நிறுவனத்தில் இவரிடம் நான் எதைக் கேட்கலாம் என்பதை. அதைச் சொன்ன பிறகுதான் பழைய வேலை அதற்கு ஆதாரமாக வந்து நிற்கிறது.

கொள்வனவாளர்களுக்கு ஆங்கில வடிவமும் கேட்பார்கள். அப்போது "கண்டம்", "வட்டவிதானை" போன்ற சொற்களை மொழிபெயர்க்கப் போராட வேண்டாம். வயற்பகுதி, வாய்க்கால் பொறுப்பாளர் என்று பொருளைச் சொன்னால் போதும். பதவிப் பெயரையும் நிலையத்தின் பெயரையும் மட்டும், சேவைக் கடிதத்தில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துப் பிசகாமல் எடுத்துப் போடுங்கள்.

அந்த 63, 58 என்ற இரண்டு எண்களும் உங்கள் நினைவிலிருந்து வந்தவை. அலுவலகத்தில் கோவை இருக்கும். வெளியிடக் கொடுக்குமுன் பொறுப்பதிகாரியிடம் நேரில் போய், இப்படி எழுதப்போகிறேன், எண் சரியா, எழுதுவதில் ஆட்சேபம் உண்டா என்று கேளுங்கள். சரியில்லை என்றால் எண்ணைத் திருத்துங்கள். ஆட்சேபம் என்றால் "பல வயல் துண்டுகளின் இரட்டைப் பதிவை" என்று மாற்றிவிடுங்கள், வரி கொஞ்சம் மெலியும், ஆனால் விழாது. போகும்போது கமக்காரர் அமைப்புச் செயலாளர் ஒருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். எங்கேயாவது அவர் வாயைக் கோணினால், அந்த வரியை எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.